மார்ச் 31-க்குள் கேட்க வேண்டியது: என்எச்எஸ்ஸில் எடுக்காத லீவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் முடிந்த கையோடு எனக்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து என்எச்எஸ் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்த தங்கைகள்தான் பேசுவார்கள். "அக்கா, லீவு நெறய மிச்சம் கெடக்கு. சித்திரைக்கு ஊருக்குப் போகணும். எல்லாத்தயும் அப்படியே சேத்து வச்சுக்கலாம்ல?"

அப்படியே சேர்த்துவைக்க முடியாது. பொதுவாக ஒரு வார அளவு லீவைக் கொண்டுபோகலாம். அதுவும் தானாகப் போய்ச் சேராது. வார்டு மேனேஜரிடம் எழுதிக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. லீவு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பதால் மார்ச்சில் கேட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதற்கான ஏற்பாட்டைத் தொடங்க வேண்டிய மாதம் ஜனவரி. ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே விளக்குகிறேன்.

நம் ஊர்ப் பழக்கம் வேறு மாதிரி இருப்பதுதான் குழப்பத்துக்கு முதல் காரணம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதைச் சேமிப்பு மாதிரி பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்தும் அதே நினைப்பில் முதல் ஆண்டு முழுக்க லீவு எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். இங்கே கணக்கு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் மூடப்படும். என்எச்எஸ் மருத்துவமனைகளை நடத்தும் டிரஸ்ட்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் லீவு ஆண்டு. மூடும்போது மிச்சம் இருப்பது, அனுமதி வாங்காவிட்டால், போனது போனதுதான். அதைப் பணமாக வாங்கலாமே என்று கேட்பார்கள். சட்டப்படி கொடுத்தாக வேண்டிய லீவுக்குப் பதிலாக, வேலையில் இருக்கும்போது பணம் தரக் கூடாது என்பது இங்குள்ள விதி. வேலையை விட்டுப் போகும்போதுதான் மிச்ச லீவுக்குப் பணம் வரும்.

நான் சொல்வது 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' ஒப்பந்தத்தில் இருக்கும் நர்ஸ்கள், ஹெல்த்கேர் அசிஸ்டெண்ட்கள், தெரபிஸ்ட்கள் போன்றவர்களுக்குப் பொருந்தும். டாக்டர்களுக்கு ஒப்பந்தம் வேறு. தனியார் கேர் ஹோம்களில் சட்டம் தரும் குறைந்தபட்ச லீவு மட்டுமே இருக்கலாம், லீவு ஆண்டும் ஜனவரியில் தொடங்கலாம்.

முதலில் உங்கள் கணக்கை மணியில் போடுங்கள்

வேலையில் சேரும்போது உங்களுக்கு ஆண்டுக்கு 27 நாள் லீவு, அதற்கு மேல் 8 நாள் பேங்க் ஹாலிடே. 5 ஆண்டு சர்வீஸுக்குப் பிறகு 27 என்பது 29 ஆகும், 10 ஆண்டுக்குப் பிறகு 33 ஆகும். ஆனால் ஷிஃப்ட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நாள் கணக்கு உதவாது. ஒருவருக்கு நாள் என்றால் ஏழரை மணி நேரம், இன்னொருவருக்குப் பதினொன்றரை. அதனால் எல்லாம் மணியில் மாற்றப்படும். முழுநேர வேலை வாரத்துக்கு 37.5 மணி, ஒரு 'நாள்' என்பது 7.5 மணி. 27 நாள் என்றால் 202.5 மணி. பேங்க் ஹாலிடே 8 நாளும் சேர்ந்தால் இன்னொரு 60 மணி. மொத்தம் 262.5 மணி.

நீங்கள் ஒரு லாங் டே ஷிஃப்ட்டை லீவாகப் போட்டால் எத்தனை மணி கழியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். காலை 7.30 முதல் இரவு 8 மணி வரை ஷிஃப்ட், அதில் ஒரு மணி நேரம் சம்பளமில்லாத இடைவேளை என்றால் கழிவது 11.5 மணி. இடைவேளை அரை மணியாக இருக்கும் இடங்களில் 12 கழியும். ஒரு வாரம் முழுக்க லீவு கேட்டால் ஷிஃப்ட் எண்ணிக்கையைப் பார்க்காமல் 37.5 கழிக்கும் வார்டுகளும் உண்டு. மூன்று லாங் டே சேர்ந்தால் 34.5 மணிதான்; வாரத்துக்கு 3 மணி வித்தியாசம் வருகிறது. உங்கள் வார்டில் எந்த முறை என்று ரோஸ்டர் போடும் சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சேர்ந்தவர்களுக்கு, வேலை செய்யும் மாதங்களின் விகிதத்தில் லீவு வரும். இங்கேதான் புதியவர்களின் கணக்கு அடிக்கடி தப்பாக ஏறுகிறது. நர்ஸ் பதிவுக்கான ஓஸ்கி தேர்வுக்குப் படித்த மாதங்களும் வேலை செய்த மாதங்களே. பேண்ட் 4 சம்பளத்தில் இருந்தாலும், நர்ஸ் பதிவு எண்ணான பின் நம்பர் இன்னும் வராவிட்டாலும், ஒப்பந்தம் தொடங்கிய தேதியிலிருந்தே லீவு சேரும். பின் நம்பர் வந்த தேதியிலிருந்து கணக்குப் போட்டிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். மிச்சம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாமல் எதையும் கொண்டுபோக விண்ணப்பிக்க முடியாது.

எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது

உங்கள் லீவு வெளியே பார்க்க ஒரே குவியல். சட்டத்தின் கண்ணில் அது மூன்று அடுக்கு. இதைப் புரிந்துகொண்டால் மேனேஜர் ஏன் 'முடியாது' என்கிறார், எங்கே அவர் சொல்வது சரி, எங்கே நீங்கள் பேசலாம் என்பது தெளிவாகிவிடும்.

அடி அடுக்கு 4 வாரம், அதாவது 20 நாள். பிரிட்டனின் 1998 வேலை நேர விதிமுறைகளின்படி இந்த 20 நாளை அந்த ஆண்டிலேயே எடுத்தாக வேண்டும். நீங்களும் மேனேஜரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்கூட, சாதாரணக் காரணத்துக்காக இதைத் தள்ளிப்போட முடியாது. ஓய்வு என்பது உடம்புக்கு அந்த ஆண்டிலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். அதற்கு மேல் 1.6 வாரம், அதாவது 8 நாள். இதுவும் சட்டம் தரும் லீவுதான், ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இதை அடுத்த ஓர் ஆண்டுக்கு மட்டும் கொண்டுபோகலாம். இந்த இரண்டும் சேர்ந்த 28 நாளைத்தான் பிரிட்டனின் சட்டப்படியான குறைந்தபட்ச லீவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பேங்க் ஹாலிடேக்களும் இந்த 28-க்குள் அடங்கலாம்.

என்எச்எஸ் உங்களுக்குத் தருவது 27-உம் 8-உம் சேர்ந்து 35 நாள். அப்படியானால் சட்டத்துக்கு மேலே 7 நாள் இருக்கிறது. இது ஒப்பந்தம் தரும் லீவு. இதை எப்படி நடத்துவது என்பது முழுக்க உங்கள் டிரஸ்டின் லீவு பாலிசியைப் பொறுத்தது.

லீவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதை இங்கே கேரி ஓவர் என்பார்கள். இந்த மேல் இரண்டு அடுக்கிலிருந்துதான் அது வருகிறது. பல டிரஸ்ட்கள் வைத்திருக்கும் எல்லை ஒரு வேலை வாரம்: முழுநேரத்துக்கு 37.5 மணி. வாரம் 30 மணி வேலை செய்பவருக்கு 30 மணி. சில இடங்களில் இதைவிடக் குறைவு. சில இடங்களில், விசேஷக் காரணம் இல்லாவிட்டால், எதுவுமே கிடையாது. கொண்டுபோன மணிகளை ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடும் இடங்களும் உண்டு. ஆகவே டிரஸ்டின் இன்ட்ராநெட்டில் ஆண்டு விடுப்பு பாலிசியைத் திறந்து நான்கு விஷயங்களை மட்டும் தேடிப் படியுங்கள்: உச்ச வரம்பு எத்தனை மணி, யார் அனுமதி தர வேண்டும், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன, கொண்டுபோனதை எப்போதுக்குள் எடுக்க வேண்டும். தோழி வேலை பார்க்கும் பக்கத்து டிரஸ்டில் இப்படித்தான் என்பதை நம்பி இறங்காதீர்கள். இந்த விஷயத்தில் டிரஸ்டுக்கு டிரஸ்ட் விதி மாறும்.

ஏன் ஜனவரி?

காரணம் ரோஸ்டர். வார்டு ரோஸ்டர்கள் வழக்கமாக நான்கு வாரத் தொகுதிகளாக, ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வெளியாகிவிடும். ஜனவரி நடுவில் நீங்கள் நிற்கும்போது பிப்ரவரி ரோஸ்டர் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. திறந்திருப்பது மார்ச் மட்டும். பிப்ரவரி நடுவில் மார்ச்சும் மூடிவிடும். வெளியான ரோஸ்டரில் ஒரு ஷிஃப்ட்டை லீவாக மாற்ற வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் மேனேஜர் மறுப்பது இயல்பு.

ஒரு நாளில் ஒரு வார்டிலிருந்து இத்தனை பேர்தான் லீவில் இருக்கலாம் என்ற வரம்பும் உண்டு. பிப்ரவரி நடுவில் பள்ளிகளுக்கு ஹாஃப் டேர்ம் விடுமுறை. குழந்தைகள் இருக்கும் சக ஊழியர்கள் அந்த வாரத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவைத்திருப்பார்கள். மார்ச் கடைசி இரண்டு வாரத்தில், லீவைத் தீர்க்காத எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். என் முதல் ஆண்டில் நான் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். மார்ச் 10-ஆம் தேதி போய்க் கேட்டபோது இரண்டு ஷிஃப்ட்டுக்கான லீவுதான் கிடைத்தது. ஒரு வாரத்தைக் கொண்டுபோக விட்டார்கள். அதற்கு மேல் இருந்த இருபத்துச் சொச்சம் மணி போய்விட்டது. இரண்டு முழு நாள் உழைத்துச் சம்பாதித்த ஓய்வு அது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்காது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தில் இருக்கும் அறிவிப்புக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், எத்தனை நாள் லீவு வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்கு நாள் முன்பே கேட்க வேண்டும். ஒரு வார லீவுக்கு இரண்டு வாரம் முன்னால். மேனேஜர் மறுப்பதாக இருந்தால், கேட்ட லீவு எத்தனை நாளோ அத்தனை நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னொரு பக்கமும் இருக்கிறது: 'இந்த வாரம் நீ லீவு எடு' என்று மேனேஜரே இரட்டிப்பு நாள் முன்னறிவிப்போடு சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் திட்டமிடாமல் விட்டால் மார்ச்சில் உங்களுக்குப் பயன்படாத செவ்வாய்க்கிழமைகளில் லீவு விழுவது இப்படித்தான்.

ஒரு கணக்கு முழுதாக

மதுரைப் பக்கத்துத் தங்கை ஒருத்தி செப்டம்பர் 1-ஆம் தேதி சேர்ந்தாள். முழுநேர வேலை, லாங் டேக்கு 11.5 மணி கழியும் வார்டு. மார்ச் 31 வரை ஏழு மாதம். 262.5-ஐ 12-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 153 மணி வருகிறது. டிசம்பரில் நான்கு ஷிஃப்ட் லீவு எடுத்திருந்தாள்: 46 மணி. ஜனவரி 10-ஆம் தேதி என்னிடம் பேசும்போது மிச்சம் 107 மணி.

அவளுடைய டிரஸ்டில் உச்ச வரம்பு 37.5 மணி. அப்படியானால் 107-இல் 69.5 மணியை மார்ச் 31-க்குள் எடுத்தே ஆக வேண்டும். 11.5 மணி ஷிஃப்ட்டாகப் பார்த்தால் ஆறு ஷிஃப்ட், 69 மணி. "அக்கா, ஆறு ஷிஃப்ட்டா? யாரு தருவா?" என்றாள். ஜனவரியில் கேட்டால் தருவார்கள், மார்ச்சில் கேட்டால் தர ஆளிருக்காது என்றேன்.

அன்றைக்கே சிஸ்டத்தில் இரண்டு கோரிக்கை போட்டாள். முதலாவது பிப்ரவரி மூன்றாம் வாரம், மூன்று ஷிஃப்ட். அது ஹாஃப் டேர்ம், ரோஸ்டரும் வெளியாகியிருந்தது. இரண்டே நாளில் மறுப்பு வந்தது. அந்த மறுப்பை அவள் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். இதன் பயனைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது மார்ச் முதல் வாரம், மூன்று ஷிஃப்ட். ரோஸ்டர் திறந்திருந்ததால் கிடைத்துவிட்டது. மறுக்கப்பட்ட மூன்றையும் உடனே மார்ச் மூன்றாம் வாரத்துக்கு மாற்றிக் கேட்டாள். அதுவும் கிடைத்தது. 107-இல் 69 போக 38 மணி. அதில் 37.5-ஐக் கொண்டுபோக அனுமதி. மிச்ச அரை மணியை மார்ச்சில் ஒரு நாள் அரை மணி முன்னால் கிளம்பித் தீர்த்துக்கொண்டாள்.

சட்டத்தின் அடி அடுக்கு நிறைந்ததா என்றும் பார்த்தோம். ஆண்டுக்கு 20 நாள் என்றால் ஏழு மாதத்துக்கு 87.5 மணி. அவள் எடுத்தது 46-உம் 69-உம் சேர்ந்து 115. தாராளமாகத் தாண்டிவிட்டது. விண்ணப்பத்தில் இந்த எண்ணைச் சொன்னதால் மேனேஜருக்கும் யோசிக்க வேலை இருக்கவில்லை. சில டிரஸ்ட்கள் 20 நாளோடு நிற்காமல் 28 நாளும் எடுத்திருக்க வேண்டும் என்பார்கள். அந்த விதி அவளுக்கு இருந்திருந்தால் ஏழு மாதத்துக்கு 122.5 மணி எடுத்திருக்க வேண்டும், கொண்டுபோக 30.5 மணிதான் மிஞ்சியிருக்கும். பாலிசியை முதலில் படிக்கச் சொன்னது இதற்குத்தான்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

படிவம் இருக்கும் இடத்தில் படிவம். இல்லாத இடத்தில் வார்டு மேனேஜருக்கு மின்னஞ்சல். நடைபாதையில் வாயால் கேட்டு அவர் தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரலில் அதே மேனேஜர் வேறு வார்டுக்குப் போயிருப்பார், புது மேனேஜருக்கு எதுவும் தெரியாது.

மின்னஞ்சல் நீளமாக இருக்க வேண்டாம். இந்த ஆண்டு எனக்கு வந்த மொத்த லீவு இத்தனை மணி, எடுத்ததும் மார்ச் 31-க்குள் எடுக்க ஒப்புதல் கிடைத்ததும் சேர்ந்து இத்தனை மணி, மிஞ்சுவது இத்தனை. பாலிசியின் வரம்புக்கு உட்பட்ட இத்தனை மணியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும். பிறகு காரணம் ஒரு வரி, அந்த மணிகளை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி. காரணமாக 'வேலைப்பளு' என்று மட்டும் எழுதுவதைவிட, 'பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குக் கேட்டேன், ஆள் பற்றாக்குறையால் கிடைக்கவில்லை' என்று தேதியோடு எழுதுவது எடுபடும். எப்போது எடுப்பேன் என்ற வரி முக்கியம். மேனேஜரின் கவலை நீங்கள் இன்னும் ஒரு வாரத்தை அடுத்த மார்ச்சுக்கும் தள்ளிவிடுவீர்களோ என்பதுதான். ஏப்ரல் 13 முதல் என்று நீங்களே எழுதிவிட்டால் அந்தக் கவலை போய்விடும்.

அனுப்ப வேண்டிய காலம் பிப்ரவரி முதல் வாரம். அதற்குள் மார்ச் லீவு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்திருக்கும். டிரஸ்ட் அதைவிட முந்திய கடைசித் தேதி வைத்திருந்தால் அதற்குள். வரம்புக்கு மேல் கேட்பதாக இருந்தால் மேட்ரன் அல்லது அவருக்கு மேல் இருப்பவரின் ஒப்புதல் தேவைப்படும். அதற்கும் நாள் பிடிக்கும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மணிகளைக் கொண்டுபோக அனுமதி என்பது வேறு, ஏப்ரலில் லீவு கிடைப்பது வேறு. ஏப்ரல் லீவுக்குத் தனியாகச் சிஸ்டத்தில் கோரிக்கை போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ச்சியாக லீவு வேண்டுமென்றால் பல வார்டுகளில் அதற்கும் சிறப்பு அனுமதி வேண்டும். இந்த இரண்டும் எழுத்தில் கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள். 'டிக்கெட் எடுத்துட்டேன் சிஸ்டர்' என்று போய் நிற்பது இங்கே ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படாது.

வரம்பு உங்களைக் கட்டுப்படுத்தாத நேரங்கள்

37.5 மணி என்ற எல்லை சாதாரணக் காலத்துக்கு. சில நிலைமைகளில் சட்டமே அதைத் தாண்டிக் கொண்டுபோக உரிமை தருகிறது. 2024 ஜனவரி 1 முதல் இவை விதிமுறையிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன.

மகப்பேறு விடுப்பில் இருந்து லீவு எடுக்க முடியாமல் போனால், சட்டப்படியான 28 நாளில் எடுக்காதது முழுவதையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். மகப்பேறு விடுப்பில் இருக்கும் மாதங்களிலும் லீவு சேர்ந்துகொண்டுதான் இருக்கும். போவதற்கு முன்பே மேனேஜரோடு உட்கார்ந்து, எதை முன்னால் எடுப்பது, எதைப் பின்னால் ஒட்டுவது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நீண்ட நாள் உடம்புக்கு முடியாமல் இருந்து எடுக்க முடியாமல் போனால் 4 வார அடி அடுக்கைக் கொண்டுபோகலாம். அது சேர்ந்த லீவு ஆண்டு முடிந்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது நிலைமையைப் புதியவர்கள் அறிந்திருப்பதில்லை. லீவு எடுக்க உங்களுக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டியதும், எடுக்கச் சொல்லி ஊக்குவிக்க வேண்டியதும், எடுக்காவிட்டால் போய்விடும் என்று சொல்ல வேண்டியதும் வேலை தருபவரின் கடமை. அதை அவர்கள் செய்யவில்லை என்றால் அந்த 4 வாரத்தில் எடுக்காதது அழியாது. அடுத்த ஆண்டுக்குப் போகும். 'ஏப்ரலுக்குள் தீர்த்துவிடுங்கள்' என்று ஜனவரியில் எல்லாருக்கும் மின்னஞ்சல் வருவது இதனால்தான். அந்த மின்னஞ்சல் வந்த பிறகும் நீங்கள் கேட்கவே இல்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. மறுப்பைப் படம் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை என்பதற்குத் தேதியோடு ஆதாரம் இருந்தால், டிரஸ்டின் வரம்புக்கு மேலும் கொண்டுபோகச் சொல்லி நீங்கள் பேசலாம். ஆர்சிஎன் அல்லது யூனிசன் தொழிற்சங்கத்தில் உறுப்பினர் என்றால் உங்கள் ரெப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டு வாயால் மறுக்கப்பட்டது எங்கேயும் நிற்காது; ஆள் இல்லை என்று சிஸ்டர் முகத்துக்கு நேரே சொன்னாலும், சிஸ்டத்தில் கோரிக்கையைப் போட்டு மறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி: மார்ச் 31-ஐத் தாண்டி ஒரு பயணம்

ஊருக்குப் போவதுதான் நோக்கம் என்றால், கேரி ஓவர் கேட்காமலே வேலையை முடிக்க வழி இருக்கிறது. பயணத்தை மார்ச் 31-க்கு இரு பக்கமும் விழும்படி போட்டுவிடுங்கள். மார்ச் 18 முதல் ஏப்ரல் 7 வரை மூன்று வாரம் லீவு என்றால், மார்ச்சில் விழும் இரண்டு வாரம் பழைய கணக்கிலும், ஏப்ரலில் விழும் ஒரு வாரம் புதுக் கணக்கிலும் கழியும். பழைய மிச்சத்தில் 75 மணி இப்படியே தீர்ந்துவிடும். லீவுக்கான அனுமதி மட்டும் போதும், வரம்புப் பிரச்சினை இல்லை, ஜூன் கெடுவும் இல்லை. பங்குனியில் ஊருக்குப் போக முடிந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சித்திரை முதல் நாள் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குத்தான் கேரி ஓவர்.

மார்ச் கடைசி என்பதால் இந்த லீவுக்குப் போட்டி அதிகம். அக்டோபர், நவம்பரிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பார்க்க வேண்டியது

அனுமதி மின்னஞ்சல் வந்துவிட்டால் மணிகள் தானாகப் புதுக் கணக்கில் ஏறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் யாராவது ஒருவர் கையால் ஏற்ற வேண்டியிருக்கிறது, அது விட்டுப்போவதும் நடக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ரோஸ்டர் சிஸ்டத்தைத் திறந்து புது ஆண்டின் மொத்தத்தைப் பாருங்கள். மதுரைத் தங்கைக்கு அங்கே 262.5-உடன் 37.5 சேர்ந்து 300 மணி இருக்க வேண்டும். இருந்தது 262.5 மட்டும். அனுமதி மின்னஞ்சலை ரோஸ்டர் டீமுக்கு அனுப்பினாள், இரண்டு நாளில் ஏற்றிவிட்டார்கள். மின்னஞ்சல் இல்லாமல் போயிருந்தால் அது நீண்ட பேச்சாகியிருக்கும். ஏப்ரல் 13 முதல் மூன்று வாரம் போனாள்: 112.5 மணி. கொண்டுபோன 37.5 முதலில் கழிந்தது, மிச்ச 75 புதுக் கணக்கில் போனது. ஊரிலிருந்து திரும்பியபோது கையில் 187.5 மணி இருந்தது.

புதுக் கணக்கில் பேங்க் ஹாலிடே மணிகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஈஸ்டர் சில ஆண்டு மார்ச்சிலும் சில ஆண்டு ஏப்ரலிலும் வருவதால், ஏப்ரல் முதல் மார்ச் வரை எண்ணினால் எப்போதும் 8 வராது. 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை இரண்டு ஈஸ்டர் விழுந்து இங்கிலாந்தில் 10 வருகிறது; அடுத்த லீவு ஆண்டில் 6-தான். உங்கள் டிரஸ்ட் ஆண்டுக்கு 8 என்று சமமாகப் பிரிக்கிறதா, விழுகிறபடி தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2 நாள் வித்தியாசம் என்றால் 15 மணி.

டிரஸ்டை விட்டு வேறு டிரஸ்டுக்கு மாறப் போகிறவர்கள் எதையும் கொண்டுபோக விண்ணப்பிக்க வேண்டாம். மிச்ச மணிகள் உங்களோடு வராது. நோட்டீஸ் காலத்தில் எடுத்துவிடுங்கள், முடியாததற்குக் கடைசிச் சம்பளத்தில் பணம் வந்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் சரிபாருங்கள். ஆண்டு நடுவில் போகும்போது, சேர்ந்ததைவிட அதிகம் எடுத்திருந்தால் அந்தச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு கடைசி நாளைக் குறியுங்கள்.